கழற்றாத கேபிள்

என் மாமனாருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தனக்குத் தெரியாததும் சில உண்டு என்பது. மற்றதெல்லாம் அத்துப்படி. தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குக்கர் விசில் வராததற்கும் காரணம் சொல்வார், கொசுவலை கிழிந்ததற்கும் காரணம் சொல்வார். எல்லாக் காரணமும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும்.

மாமியார் தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டார். வரும்போது ஒரு பெட்டி துணி, ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்குள் லினக்ஸ். லினக்ஸ் என்றால் என்ன என்று கல்யாணமாகி வந்தபோது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். கம்ப்யூட்டரை ஓட்ட விண்டோஸுக்குப் பதிலாகப் போடுவது. விண்டோஸ் வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்கு உதவும் சாதனம் அது. இணையத்தில் அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. யாராவது ஏதாவது சந்தேகம் கேட்டால் மாமா நீளமாகப் பதில் எழுதுவார். முகம் தெரியாதவர்கள் "நன்றி ஐயா, உங்களால் பிழைத்தேன்" என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டுச் சாப்பிட வந்து உட்காரும்போது அவர் தோரணையே வேறு. அங்கே ஐயா, இங்கே "மாமா, காலைத் தூக்குங்க, பெருக்கணும்."

குழந்தை பிறந்ததும் நான் வேலையை விட்டிருந்தேன். மறுபடி ஏதாவது செய்யலாமென்று மருத்துவக் கோடிங் படித்தேன். நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைப் போடும் வேலை. ஒரு மருத்துவமனையில் இடமும் பேசிவிட்டேன். சான்றிதழ் தேர்வில் பாஸ் ஆனால் வேலை, குறித்த தேதிக்குள் சான்றிதழ் கைக்கு வராவிட்டால் அடுத்த ஆள். ஏற்கெனவே ஒரு முறை தேர்வு எழுதிக் கோட்டை விட்டிருந்தேன். கையில் இருந்தது இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. தேர்வை வீட்டிலிருந்தே கேமரா முன் உட்கார்ந்து எழுதலாம். ஆனால் அந்தத் தேர்வு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், லினக்ஸில் ஓடாது. இதைச் சொன்ன அன்று மாமா சாப்பிடவே இல்லை.

அதனால்தான் புது கம்ப்யூட்டர் வாங்கினோம். மாமாவின் பழையது புகைய ஆரம்பித்திருந்தது, ஆளுக்கொன்று வாங்க வீட்டில் இடமும் இல்லை. துணி காயப் போடும் சின்ன அறையில் ஒரு மேசை, அதன்மேல் இருவருக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் என்று முடிவானது.

"ஒரே டிஸ்க்குல ரெண்டு சிஸ்டம் போடவே கூடாதும்மா," என்று ஆரம்பித்தார் மாமா. "கம்ப்யூட்டர் எழுந்திருக்கறதுக்குன்னு ஒரு சின்ன பகுதி இருக்கும். பூட் ஃபைல் எல்லாம் அதுலதான். ரெண்டும் அந்த ஒரே பகுதியில குடியிருந்தா, விண்டோஸ் அப்டேட் ஆகறப்போ என்னைத் தள்ளிட்டுத் தான்தான் பெரிய ஆளுன்னு முன்னால வந்து நிக்கும். உனக்குத் தனி டிஸ்க், எனக்குத் தனி டிஸ்க். ஒண்ணு மேல ஒண்ணு கையே வைக்காது."

"தனிக்குடித்தனம்னு சொல்லுங்க."

"அதேதான்!"

மகனின் தனிக்குடித்தனத்துக்குள் பெட்டியோடு வந்து குடியேறிய மனிதர், ஒரு டிஸ்க்கை எவ்வளவு தாராளமாகத் தனிக்குடித்தனம் வைக்கிறார் பாருங்கள்.

பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த கடைக்காரர் மாமாவின் பழைய டிஸ்க்கையும் உள்ளே மாட்டிவிட்டார். உள்ளங்கை அகலம்கூட இருக்காது, மெல்லிய தகடு. ஒரு டேட்டா கேபிள், ஒரு பவர் கேபிள், அவ்வளவுதான். எனக்கென்று வாங்கிய புது டிஸ்க்கையும் பக்கத்தில் மாட்டினார். விண்டோஸையும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். மாமா விடுவாரா?

"நாங்களே பாத்துக்கறோம்."

"சரி சார். ஆனா விண்டோஸ் போடும்போது உங்க பழைய டிஸ்க்கோட கேபிளை மட்டும் கழட்டி வெச்சிடுங்க. முடிஞ்சதும் மாட்டிக்கலாம்."

கடையை விட்டு வெளியே வரும்வரை அடக்கிக்கொண்டு, வாசலில் வந்து சிரித்தார் மாமா. "எது காலி டிஸ்க், எது நிறைஞ்ச டிஸ்க்குன்னு தெரியாதவன்தான் கேபிளைக் கழட்டணும். எனக்கு என்ன கண்ணு தெரியலையா?"

வீட்டுக்கு வந்து, கேபிளைக் கழற்றாமலே பென்டிரைவைச் சொருகி விண்டோஸ் போட்டார். எந்த டிஸ்க்கில் போடவென்று திரை கேட்டது. என்னையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, காலி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தார். "பாத்தியா? என் டிஸ்க்கைத் தொடவே இல்ல." முடிந்ததும் விண்டோஸ் வந்தது. லினக்ஸும் வந்தது. மன்றத்தில் போய் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். பதினேழு பேர் ஐயாவுக்கு நன்றி சொன்னார்கள்.

எனக்குத்தான் வினை வந்தது. ஆன் செய்தால் தானாக லினக்ஸ்தான் வரும்படி மாமா அமைத்திருந்தார். எனக்கு விண்டோஸ் வேண்டுமென்றால், ஆன் செய்த கையோடு கீபோர்டில் எஃப் பன்னிரண்டை அமுக்கிப் பட்டியலை வரவழைத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் லினக்ஸ் வந்து பல்லைக் காட்டும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பட்டியலில் எந்த வரி என்று குழம்பாமல் இருக்க அதைக் கைபேசியில் படம்கூட எடுத்து வைத்திருந்தேன். "விண்டோஸை முதல்ல வர்ற மாதிரி மாத்துங்க மாமா" என்று கேட்டால், "ஒரு பட்டனை அமுக்கறதுக்கு இவ்ளோ சலிப்பா?" என்பார். அந்த ஒரு பட்டனை அவர் அமுக்கினால் என்ன என்று கேட்க என் நாக்கு துடிக்கும்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் அது பேசியே விட்டது. நான் மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தால், மாமா மன்றத்தில் யாரோ ஒருவரின் பிரிண்டரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் என்றார். முக்கால் மணி நேரம் ஆனது. குழந்தை தூங்கும் நேரம் முழுவதும் போயே போய்விட்டது.

"என் டிஸ்க் இருக்கறதுதானே உனக்கு இடைஞ்சல்?" என்று அவரே கேட்டார்.

"ஆமா மாமா! கழட்டி எடுத்துட்டுப் போங்க. ஒரு நாளாவது நிம்மதியா இருக்கேன்."

அவர் எழுந்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். பக்கவாட்டு மூடியைத் திறந்து இரண்டு கேபிளையும் பிடுங்கினார். டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விண்டோஸ் பென்டிரைவ் எப்போதும் அவர் சாவிக்கொத்தில்தான் தொங்கும், அதுவும் அவரோடு போயிற்று. ஊருக்கு மறுகோடியில் இருக்கும் மூத்த மகன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து, "அப்பா எங்கே?" என்றார். "லினக்ஸோட வெளிநடப்பு செஞ்சிட்டார்," என்றேன். அன்று முழுக்கப் புத்தகத்தை வைத்துத்தான் படித்தேன், கம்ப்யூட்டரைத் தொடவில்லை. இனி எஃப் பன்னிரண்டு இல்லை, நேராக விண்டோஸ் என்று ஒரே குஷி எனக்கு.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. எட்டு மணிக்கே குளித்துவிட்டு வந்து ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி. பூட் செய்யக்கூடிய டிஸ்க் எதுவும் இல்லையாம்.

அணைத்துப் போட்டேன். அதே வரி. எஃப் பன்னிரண்டை அமுக்கினேன். பட்டியலில் விண்டோஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார்.

"பிளக் சரியா சொருகியிருக்கா?"

"திரையில எழுத்து வருதுங்க. பிளக் சொருகாம எழுத்து எப்படி வரும்?"

அவர் யோசித்துக்கொண்டே வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். அவருடைய ஆபீஸ் லேப்டாப்பில் வெளி மென்பொருள் எதையும் போட விடமாட்டார்கள். தேர்வைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும். பத்தேகாலுக்குள் உள்ளே நுழையாவிட்டால் வரவில்லை என்று கணக்கு. வாய்ப்பும் போச்சு, வேலையும் போச்சு.

மாமா கைபேசியை எடுக்கவில்லை. மூத்தவர் மனைவி, என் ஓரகத்திக்குப் போன் அடித்தேன்.

"மாமா டிபன் சாப்பிடறாரே. என்ன, ஏதாவது சண்டையா?" என்றார். குரலில் அப்படி ஓர் அக்கறை, பஞ்சாமிர்தம் மாதிரி.

"இல்லக்கா, அவர் குரலைக் கேக்காம இருக்க முடியல. கொஞ்சம் குடுங்க."

மாமா வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் என் டிஸ்க்கை மட்டும்தாம்மா எடுத்தேன். உன்னோடது அங்கேயேதான் இருக்கு."

"இருக்கு மாமா. ஆனா வரலை."

"வராம இருக்க வாய்ப்பே இல்ல. தனித்தனி டிஸ்க்."

"வாய்ப்பு இல்லாததுதான் இப்ப என் எதிர்ல நிக்குது."

"கேபிள் ஆடியிருக்கும். ஆன் பண்றப்போ வர்ற செட்டிங்ஸுக்குள்ள போய்ப் பாரு, உன் டிஸ்க் பேரு வருதா?"

போய்ப் பார்த்தேன். என் டிஸ்க்கின் பெயர், அளவு எல்லாம் அழகாக வந்தது.

"வருது."

"அப்போ பூட் ஆகணுமே!"

"ஆகலையே!"

"தியரிப்படி பாத்தா..."

"தியரிப்படி எனக்கு இப்ப எக்ஸாம் மாமா!" அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். இந்த மனுஷரிடம் அழுவதைவிடத் தேர்வில் தோற்பதே மேல் என்று அந்த நேரத்தில்கூடத் தோன்றியது.

அவர் கொஞ்சம் தணிந்தார். "சரி, இத்தனை நாள் எஃப் பன்னிரண்டு பட்டியல்ல விண்டோஸ் எப்படி வந்துச்சு? வரி ஞாபகம் இருக்கா?"

"படமே இருக்கு. 'விண்டோஸ் பூட் மேனேஜர்'னு இருக்கு. அது பக்கத்திலேயே ஏதோ கம்பெனி பேரு, நம்பர்..." நான் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"மாமா?"

"அது என் டிஸ்க்கோட பேரும்மா," என்றார். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "விண்டோஸ் உன் டிஸ்க்குலதான் இருக்கு. ஆனா அதை எழுப்பற பூட் ஃபைலை என் டிஸ்க்குல கொண்டுபோய் வெச்சிருக்கு. என்னோடதுல ஏற்கெனவே பூட் பகுதி இருந்துச்சு இல்லையா, அதைப் பாத்துட்டு, உன்னோடதுல புதுசா ஒண்ணு போடவே இல்ல. கேபிளைக் கழட்டியிருந்தா அதுக்கு வேற வழி இருந்திருக்காது."

ஆக, என் வீடு, என் சாமான், எல்லாம் என்னிடமே பத்திரம். வாசல் சாவி மட்டும் மாமனார் சட்டைப் பையில். இதுதான் அந்தப் பிரமாதமான தனிக்குடித்தனம்.

"வரேன்," என்றார். "ஆட்டோ பிடிக்கிறேன்."

அந்த ஒன்றேகால் மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று என் எதிரிக்கும் சொல்ல மாட்டேன். வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன். மாமாவை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். கடைக்காரர் சொன்னாரே, அதைக் கேட்பேன். பதினேழு பேர் நன்றி சொன்னார்களே, அவர்களுக்கு இன்றைக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்பேன். ஒன்றையும் விடுவதாக இல்லை.

பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ நின்றது. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார், ஒரு பக்கம் கழுத்துவரை ஏறியிருந்தது. செருப்பைக் கழற்றவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நேராகத் தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, இரண்டு கேபிளையும் சொருகினார். அவசரத்தில் ஒரு கேபிள் இரண்டு தடவை வழுக்கியது. திருகு போட நேரமில்லை, டிஸ்க் கேபிளிலேயே தொங்கியது.

"போடும்மா."

ஆன் செய்து எஃப் பன்னிரண்டை அமுக்கினேன். பட்டியலில் விண்டோஸ் வந்துவிட்டது. தேர்ந்தெடுத்ததும் நீலமாகத் திரை எழுந்தது. நான் விட்ட மூச்சில் மேசை மேலிருந்த காகிதமே பறந்தது.

தேர்வுக்குள் நுழைந்தபோது பத்தும் கடந்திருந்தது. கண்காணிக்கும் பெண்மணி கேமராவைச் சுற்றி அறையைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"அந்தப் பெட்டி ஏன் திறந்திருக்கு? ஏதோ தொங்குதே?"

காற்று வாங்குகிறது என்று சொல்லத்தான் வாய் வந்தது. "ரிப்பேர் மேடம்," என்றேன்.

"அறையில வேற யாரும் இருக்கக்கூடாது."

மாமா எழுந்தார். தொங்கும் டிஸ்க்கைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே போனார். கதவை அவ்வளவு மெதுவாகச் சாத்த அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தேர்வு முழுக்க ஒரு கண் கேள்வியில், ஒரு கண் அந்த டிஸ்க்கில். வெளியே ஒரு சத்தம் இல்லை. குழந்தை கத்தவில்லை, மிக்ஸி ஓடவில்லை, காலிங் பெல்கூட அடிக்கவில்லை. கடைசிக் கேள்வியை முடித்துச் சமர்ப்பித்தேன். திரை யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. பிறகு வந்தது. பாஸ்.

கதவைத் திறந்தால், மாமா கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காலிங் பெல்லின் பாட்டரி அவர் கையில் இருந்தது.

"நடுவுல நின்னுச்சா?" என்றார் கிசுகிசுப்பாக.

"நிக்கலை மாமா. பாஸ்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "தப்பு என் மேலதாம்மா," என்றார். "ஒரு கேபிள். கழட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. கடைக்காரன் சொன்னான், கேட்கல. உன் வாழ்க்கையே போயிருக்கும்."

ஒன்றேகால் மணி நேரம் வரிசைப்படுத்தி வைத்த கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் காத்திருந்து, மனுஷர் ஒத்துக்கொள்ளும்போது இப்படியா வாய் அடைத்துப் போகும்? குழந்தையை வாங்கி உள்ளே படுக்க வைத்தேன்.

மதியம் சாப்பிட்டதும் அவரே உட்கார்ந்து சரிசெய்தார். முதல் காரியமாகத் தன் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றினார். சாவிக்கொத்திலிருந்த பென்டிரைவைச் சொருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினார். என் டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியைக் கொஞ்சம் சுருக்கி, கிடைத்த இடத்தில் ஒரு குட்டிப் பூட் பகுதி போட்டார். விண்டோஸின் பூட் ஃபைல்களை அதில் புதிதாக எழுதினார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்த பிறகே என்டரைத் தட்டினார். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தார். எதையும் அமுக்காமலே நேராக விண்டோஸ் வந்தது.

"இனிமே இது எதையும் நம்பி இல்ல," என்றார். "ஊர்ல எந்த டிஸ்க் இருந்தாலும் போனாலும் இது பாட்டுக்கு எழுந்துக்கும்."

பிறகு தன் டிஸ்க்கை எடுத்துத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றினார். பையைத் தோளில் மாட்டினார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"பெரியவன் வீட்டுக்கு. நீதானேம்மா சொன்ன, கழட்டி எடுத்துட்டுப் போன்னு."

"டிஸ்க்கைத்தான் மாமா எடுத்துட்டுப் போகச் சொன்னேன். உங்களையா போகச் சொன்னேன்?"

அவர் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது இல்லாம இந்த வீட்டுல நான் நாள் முழுக்க என்னம்மா பண்ணுவேன்?" என்றார். "அங்க யாராவது ஏதாவது கேக்கறாங்க. நான் பதில் சொல்றேன். உங்க அத்தை போனதுக்கப்புறம் என்னைக் கேக்கறதுக்கு வேற யாரு இருக்கா?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஓங்கி ஓர் அறை வாங்கியது போல இருந்தது. பிரிண்டர் ரிப்பேர் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தது இதைத்தானா? கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது. காலையில் பல்லைக் கடித்துக் காப்பாற்றிய மானம் எல்லாம் போயிற்று.

நான் அவர் கையிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து, உள்ளே தொங்கிய கேபிளைப் பிடித்து இழுத்தேன்.

"எது எதுல போகும்? சொல்லுங்க மாமா, எனக்குத் தெரியாது."

"ஐயையோ, ஓடிட்டிருக்கு!" என்று பையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "முதல்ல பவரை ஆஃப் பண்ணும்மா!"